ஷாட்கி டையோடு ஏன் வேகமானது, ஏன் குறைவான வோல்ட் எடுக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் என் வேலை மேசைக்கு வரும் போர்டுகளில் பாதி, படகில் போன் சார்ஜ் பண்ணவும் விளக்கு எரிக்கவும் 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன போர்டுகள்தான். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று எல்லாத் துறைகளிலிருந்தும் வரும். போன ஆடி மாதம் வந்த ஒரு போர்டு பல கேள்விகளைக் கிளப்பிவிட்டது. கொண்டுவந்தவரும், அப்போது என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த ஐ.டி.ஐ. பையனும் கேட்டவற்றையே இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, போர்டுல டையோடு போயிட்டுன்னு கையில கிடந்த 1N5408 போட்டேன். அதுவும் 3 ஆம்பியர்தானே? வீட்டுல நல்லா ஓடிச்சு. கடல்ல போனதும் ஐ.சி. வெந்துபோச்சு. ஏன்?

3 ஆம்பியர் என்பது சரிதான். ஆனால் அது தாங்கும் அளவு மட்டுமே. எவ்வளவு சீக்கிரம் அடைபடும் என்பது அந்த எண்ணில் இல்லை. உங்கள் போர்டில் இருந்த ஐ.சி. LM2596. நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை திறந்து மூடும் சுவிட்ச் அது. மடை மாதிரி, திறந்தால் கரண்ட் போகும், மூடினால் நிற்கும். அதோடு இருந்த பழைய டையோடு SS34, ஷாட்கி வகை. 1N5408 சாதாரண சிலிக்கான் டையோடு, 50 ஹெர்ட்ஸ் கரண்டை நேராக்கப் பிறந்தது. LM2596-இன் தரவுத்தாளிலேயே 1N4001, 1N5400 வரிசை டையோடுகள் இந்த வேலைக்கு ரொம்ப மெதுவானவை, போடக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. தப்பு செய்தது டையோடு, செத்தது ஐ.சி. கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தால் அந்த 1N5408 இன்னும் நன்றாகவே இருக்கும். அதனால் ஐ.சி.தான் மட்டமான சரக்கு என்று நினைத்து அதை மட்டும் மாற்றுவார்கள். அதுவும் இரண்டு நாளில் வேகும். உங்களுக்கு முன்னால் ஒருவர் இப்படி மூன்று ஐ.சி. மாற்றிவிட்டு வந்தார்.

அந்த டையோடுக்கு அங்க அப்படி என்ன வேலை?

சுவிட்ச் திறந்திருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குள் போகிறது, காயிலில் ஓட்டம் ஏறுகிறது. சுவிட்ச் மூடியதும் காயில் தன் ஓட்டத்தை விடாது, எங்கிருந்தாவது இழுக்கும். அந்த நேரத்தில் மைனஸ் கம்பியிலிருந்து காயிலுக்கு வழி விடுவதுதான் டையோடு. 12-ஐ 5 ஆக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 42 சதவீத நேரம் சுவிட்ச் கடத்தும், மீதி 58 சதவீத நேரம் டையோடு கடத்தும். ஒரு சுற்றுக்கு 6.7 மைக்ரோ வினாடிதான். அதாவது பாதி நேரத்துக்கும் மேலாக உங்கள் போனுக்குப் போகும் கரண்ட் அந்தச் சின்னக் கறுப்புத் துண்டு வழியாகத்தான் போகிறது.

அப்புறம் சுவிட்ச் மறுபடி திறக்கும். அந்த நொடியிலேயே டையோடு அடைபட வேண்டும். அடைபடாவிட்டால் பேட்டரியின் பிளஸ், சுவிட்ச் வழியாகவும் டையோடு வழியாகவும் நேராக மைனஸுக்குப் போய்விடும். கிட்டத்தட்ட ஷார்ட்தான்.

சாதா டையோடு ஏன் உடனே அடைபடாது? அதுவும் ஒருவழிப் பாதைதானே?

ஒருவழிப் பாதைதான், ஆனால் உள்ளே சரக்கு தேங்கியிருக்கும்.

சாதாரண டையோடு ஒரே சிலிக்கான் துண்டின் இரண்டு பகுதிகள். ஒரு பக்கம் எலக்ட்ரான்கள் மிகுதி, மறுபக்கம் துளைகள் மிகுதி. துளை என்றால் எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது. அது பிளஸ் சுமை போலவே நடந்துகொள்ளும். கரண்ட் ஓடும்போது எலக்ட்ரான்கள் துளைப் பக்கத்துக்குள்ளும், துளைகள் எலக்ட்ரான் பக்கத்துக்குள்ளும் நுழைகின்றன. நுழைந்த இடத்தில் இரண்டுமே சிறுபான்மை. எதிர்ச்சுமையைச் சந்தித்து இணைந்து மறையும்வரை அங்கேயே அலைந்துகொண்டிருக்கும். இந்த ஆயுள், 1N5408 போன்ற டையோடில் மைக்ரோ வினாடிக் கணக்கில் நீளும்.

நாஞ்சில் நாட்டு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சினால் வயல் முழுக்க நிரம்பி நிற்கும். பிறகு வாய்க்காலில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று வையுங்கள். மடை திறந்தேதான் இருக்கிறது. வயலில் நின்ற தண்ணீர் அதே வழியாகத் திரும்பி வாய்க்காலுக்கு ஓடும், வயல் வடியும்வரை ஓடும். டையோடிலும் இதுதான். வோல்ட் திசை மாறியதும், தேங்கிய சுமைகள் எல்லாம் வந்த வழியே திரும்பி ஓடுகின்றன. அவை தீரும்வரை டையோடு எதிர்த்திசையிலும் கடத்துகிறது. இதைத்தான் மீட்பு நேரம் என்கிறோம். 1N4007, 1N5408 ரகங்களுக்கு இது பல தரவுத்தாள்களில் எழுதப்படுவதே இல்லை, ஏனென்றால் அவை அந்த வேலைக்குச் செய்யப்பட்டவை அல்ல. சுமார் 2 மைக்ரோ வினாடி என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

உங்கள் வீட்டு மின்சாரத்தில் ஒரு அரைச்சுற்று 10 மில்லி வினாடி. அதில் 2 மைக்ரோ வினாடி ஒரு பொருட்டே இல்லை. இந்த போர்டில் ஒரு முழுச்சுற்றே 6.7 மைக்ரோ வினாடி.

ஷாட்கியில மட்டும் ஏன் தேங்கல?

அதில் தேங்குவதற்கு இரண்டாவது பகுதியே இல்லை. ஒரு பக்கம் எலக்ட்ரான் மிகுந்த சிலிக்கான், மறுபக்கம் உலோகம். மாலிப்டினம், குரோமியம், டைட்டானியம், பிளாட்டினம் கலந்த சேர்மம் என்று தயாரிப்பாளரைப் பொறுத்து உலோகம் மாறும். கடத்தும்போது சிலிக்கானிலிருந்து எலக்ட்ரான்கள் சந்திப்பில் இருக்கும் ஒரு சுவரைத் தாண்டி உலோகத்துக்குள் குதிக்கின்றன. உலோகத்தில் ஏற்கெனவே கணக்கில்லாத எலக்ட்ரான்கள் இருக்கின்றன. குதித்த எலக்ட்ரான் கண நேரத்தில் அந்தக் கூட்டத்தில் கலந்துவிடும். அங்கே அது சிறுபான்மை இல்லை, யாரையும் சந்திக்கக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. திரும்பி வர நிலுவைச் சரக்கும் கிடையாது.

எனவே வோல்ட் திசை மாறியதும் கடத்தல் நின்றுவிடும். மிஞ்சுவது சந்திப்பின் கெப்பாசிட்டன்ஸ் மட்டும், சில நூறு பிக்கோஃபாரடு. அது நிரம்ப ஒரு சின்னத் துடிப்பு கரண்ட் போகும், அவ்வளவுதான். ஷாட்கி தரவுத்தாளில் மீட்பு நேரத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, அதற்குப் பதிலாகக் கெப்பாசிட்டன்ஸ் கொடுத்திருப்பார்கள். காரணம் இதுதான்.

உலோகமும் படிகமும் தொடும் இடம் ஒருவழியாகக் கடத்துகிறது என்பதை ஃபெர்டினாண்ட் பிரவுன் 1874-லேயே கண்டுவிட்டார். சந்திப்பில் சுவர் எப்படி எழும்புகிறது என்று வால்டர் ஷாட்கி விளக்கியது 1938-ல். ஒரு நிகழ்ச்சி தெரிந்து, அதன் காரணம் புரிய அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கணக்குப் போட்டுக் காட்டுங்க. ஐ.சி. வேகுற அளவுக்கு அப்படி என்ன சூடு வரும்?

போனுக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கடத்தும்போது வரும் சூடு. SS34-இல் இந்த ஓட்டத்துக்குச் சுமார் 0.45 வோல்ட், 1N5408-இல் சுமார் 0.9 வோல்ட் விழும்.

```
SS34   : 0.45 V x 2 A x 0.58 = 0.52 W
1N5408 : 0.90 V x 2 A x 0.58 = 1.04 W
```

அரை வாட் கூடுதல். டையோடு கொஞ்சம் சுடும், ஆனால் இதனால் ஐ.சி. சாகாது.

அடுத்தது திரும்பி ஓடும் சரக்கு. ஒவ்வொரு முறை சுவிட்ச் திறக்கும்போதும் டையோடில் 2 மைக்ரோ கூலம்ப் தேங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இது உத்தேசம்தான், ஒவ்வொரு டையோடுக்கும் மாறும். இந்தச் சரக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாகத்தான் இழுக்கப்படும்.

```
2 uC x 12 V x 150000 Hz = 3.6 W
```

இந்த 3.6 வாட்டில் பெரும்பகுதி ஐ.சி.க்குள் எரிகிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட முழு 12 வோல்ட்டும் அதன் தலையில்தான் நிற்கிறது. நல்ல டையோடு இருந்தால் அந்த ஐ.சி. மொத்தமே ஒன்று, ஒன்றரை வாட் சூடுதான் காட்டும். இப்போது ஐந்து வாட். தீப்பெட்டி அளவு போர்டால், அதுவும் உப்புக்காற்று புகாமல் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், ஐந்து வாட்டை வெளியேற்ற முடியாது. ஐ.சி.யில் சூடு மீறினால் தானே நிற்கும் வசதி உண்டு. நிற்கும், ஆறும், மறுபடி ஓடும். இரவெல்லாம் இப்படித் தவித்து ஒருநாள் போய்விடும். போன் விட்டுவிட்டு சார்ஜ் ஏறியது என்று நீங்கள் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது இதனால்தான்.

அப்படின்னா வீட்டுல வச்சுப் பார்த்தப்போ எப்படி ஓடிச்சு?

இந்தக் கேள்வியை அந்தப் பையன்தான் கேட்டான். ரொம்ப நல்ல கேள்வி. வீட்டில் எதை மாட்டிப் பார்த்தீர்கள் என்று போர்டைக் கொண்டுவந்தவரிடம் கேட்டேன். சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று, 100 மில்லி ஆம்பியர்கூட இழுத்திருக்காது.

இந்த போர்டில் காயில் 33 மைக்ரோஹென்றி. 12 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே என்றால் காயிலின் ஓட்டம் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 0.6 ஆம்பியர் ஏறி இறங்கும். லோடு 0.3 ஆம்பியருக்கு மேல் இருந்தால் ஓட்டம் பூஜ்யத்தைத் தொடாது. டையோடு முழு வீச்சில் கடத்திக்கொண்டிருக்கும்போதே சுவிட்ச் திறந்து அதை அடைக்கச் சொல்லும். லோடு அதைவிட நன்றாகக் குறைந்தால் நிலைமை வேறு. சுவிட்ச் மறுபடி திறப்பதற்கு முன்பே காயில் காலியாகிவிடும், டையோடின் ஓட்டம் தானாகவே பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். தேங்கிய கொஞ்சநஞ்சச் சரக்கும் அதற்குள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அடைபடும் நெருக்கடியே வராது.

ஆக, சின்ன லோடில் மெதுவான டையோடு தன் குறையைக் காட்டவே காட்டாது. அன்றிலிருந்து நான் எந்த போர்டைப் பழுது பார்த்தாலும் 2.5 ஓம், 25 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டில் மாட்டி, 2 ஆம்பியர் இழுக்கவிட்டுக் கால் மணி நேரம் பார்க்காமல் கொடுப்பதில்லை. ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், அதைத் தொடாதீர்கள். ஐ.சி.யின் சூட்டை மட்டும் பாருங்கள்.

சரி, வேகம் புரியுது. வோல்ட் ஏன் குறைவா விழுது?

இது வேறு காரணம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

எந்த டையோடிலும் கரண்ட் போக எலக்ட்ரான்கள் ஒரு ஏற்றத்தைத் தாண்ட வேண்டும். நாம் கொடுக்கும் வோல்ட் அந்த ஏற்றத்தைத் தணிக்கிறது. அறை வெப்பத்தில் ஏறத்தாழ 60 மில்லி வோல்ட் கூட்டினால் கரண்ட் பத்து மடங்காகும். சாதாரண டையோடுக்கும் ஷாட்கிக்கும் இந்த விகிதம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வித்தியாசம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது.

சாதாரண டையோடில், அந்நியப் பகுதிக்குள் நுழைந்த சிறுபான்மைச் சுமைகள் அங்கே மெல்லப் பரவி நகர்வதால்தான் கரண்ட். வோல்ட் கொடுக்காதபோது அந்தச் சிறுபான்மை மிக மிகக் குறைவு, அதனால் தொடக்கக் கரண்ட் படு சிறியது. அதை ஆம்பியர் அளவுக்குப் பெருக்க நிறைய வோல்ட் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஷாட்கியில் தாண்டுவது பெரும்பான்மை எலக்ட்ரான்கள், ஏராளமாக நிற்பவை. தாண்டியதும் வேலை முடிந்தது, மெல்லப் பரவ வேண்டியதில்லை. சுவரும் உலோகத்தைப் பொறுத்து 0.6 முதல் 0.8 எலக்ட்ரான் வோல்ட் வரைதான். அதனால் தொடக்கக் கரண்டே ஒரு லட்சம் மடங்கு அதிகம் என்று வைத்துக்கொண்டால், லட்சம் என்பது பத்தை ஐந்து முறை பெருக்கியது. ஐந்து முறை 60 மில்லி வோல்ட், 0.3 வோல்ட். சாதாரண டையோடு 0.7 எடுக்கும் இடத்தில் ஷாட்கி 0.4 எடுப்பதற்கு இதுதான் கணக்கு.

ரெண்டும் வேற வேற காரணம்னு எப்படி நிச்சயமாச் சொல்றீங்க?

சிலிக்கான் கார்பைடு ஷாட்கியைப் பாருங்கள். 600 வோல்ட், 1200 வோல்ட் தாங்கும் ரகங்கள், பெரிய சோலார் இன்வெர்ட்டர்களுக்குள் இருக்கும். அவையும் உலோகச் சந்திப்புதான், தேங்கும் சரக்கு கிடையாது, அடைபடுவதில் படு வேகம். ஆனால் முழு ஓட்டத்தில் 1.5 வோல்ட் அளவுக்கு எடுக்கும், சாதாரண சிலிக்கான் டையோடைவிட அதிகம். அந்தப் பொருளில் சுவர் உயரம். வேகம் வந்தது சிறுபான்மைச் சுமை இல்லாததால். குறைந்த வோல்ட் வருவது சுவர் தாழ்வாக இருந்தால் மட்டும்.

இவ்வளவு நல்லதுன்னா எல்லா இடத்துலயும் ஷாட்கியே போடலாமே?

தாழ்ந்த சுவர் இரண்டு பக்கமும் தாழ்ந்ததுதான். முன்னோக்கிச் சுலபமாகத் தாண்டும் எலக்ட்ரான்கள் பின்னோக்கியும் கொஞ்சம் தாண்டும். 1N5822-இன் தரவுத்தாளில், 40 வோல்ட் எதிர்த்திசையில் கசிவு 25 டிகிரியில் 2 மில்லி ஆம்பியர் வரை போகலாம், 100 டிகிரியில் 20 மில்லி ஆம்பியர் வரை. 1N4007-க்கு 1000 வோல்ட்டில்கூட 25 டிகிரியில் 5 மைக்ரோ ஆம்பியர்தான். சூடு கூடினால் கசிவு கூடும், கசிவு கூடினால் சூடு கூடும். வெயிலில் கிடக்கும் மூடிய டப்பாவில், தாங்கும் வோல்ட்டின் விளிம்பில் ஷாட்கியை ஓட்டினால் இது கட்டுமீறிப் போகும்.

அடுத்த குறை வோல்ட். அதிக வோல்ட் தாங்க வேண்டுமென்றால் சிலிக்கான் தடிமனாகவும், அதில் கலக்கும் வேற்றுப் பொருள் குறைவாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பகுதிக்கு மின்தடை அதிகம். சாதாரண டையோடில் உள்ளே தேங்கும் சுமைகளே அந்தப் பகுதியை நிரப்பி மின்தடையைக் குறைத்துவிடும். மேலே நாம் திட்டிய அதே தேக்கம்தான் இங்கே உதவுகிறது. ஷாட்கிக்கு அந்த உதவி கிடையாது. அதனால் சிலிக்கான் ஷாட்கிகள் பெரும்பாலும் 100, 200 வோல்ட்டோடு நின்றுவிடுகின்றன. வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அங்கே SS34 போட்டால் ஒரு நொடிகூட நிற்காது. அங்கே 1N4007-தான் சரி.

மீட்டர்ல எப்படிக் கண்டுபிடிக்க? எழுத்து அழிஞ்சு போயிருந்தா?

டையோடின் ஒரு காலையாவது கழற்றிவிட்டு மீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். போர்டிலேயே வைத்து அளந்தால் காயிலும் வெளியீட்டுக் கெப்பாசிட்டரும் சேர்ந்து பொய் சொல்லும். ஷாட்கி என்றால் 0.15 முதல் 0.25 வரை காட்டும், சாதாரண சிலிக்கான் என்றால் 0.5 முதல் 0.65 வரை. மீட்டர் கொடுக்கும் கரண்ட் ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர்தான், அதனால்தான் இவ்வளவு குறைவு. இரண்டு பக்கமும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். எதிர்த்திசையில் ஓம் நிலையில் வைத்தால் சில நூறு கிலோ ஓம் காட்டலாம். அது இயல்பான கசிவு, தூக்கிப் போடாதீர்கள்.

கடையில் வாங்கிய "1N5822" ஒன்று என்னிடம் 0.55 காட்டியது. சாதாரண டையோடின் மேல் எழுத்தை மட்டும் அச்சடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு வாங்கிய உடனே கடையிலேயே மீட்டர் வைத்துவிடுகிறேன்.

எங்க போட்டுல 24 வோல்ட் பேட்டரி. அதே SS34 போதுமா?

போதாது என்றே சொல்வேன். சுவிட்ச் திறந்திருக்கும்போது உள்ளே வரும் முழு வோல்ட்டும் டையோடின் மேல் எதிர்த்திசையில் நிற்கும். எஞ்சின் சார்ஜ் ஏற்றும்போது 24 வோல்ட் பேட்டரி 28, 29 வரை ஏறும், மோட்டார் நிறுத்தும்போது துள்ளல்கள் அதற்கு மேலும் வரும். 40 வோல்ட் தாங்குவதை விட்டு 60 வோல்ட் SS36 போடுங்கள். வோல்ட் இழப்பு கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

SS34 கிடைக்கலைன்னா அவசரத்துக்கு என்ன போடலாம்?

கால் வைத்த 1N5822 போடலாம், அதே 3 ஆம்பியர், 40 வோல்ட். கால்களைக் குட்டையாக வெட்டிப் பற்றவையுங்கள். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் 5 வோல்ட் பக்கத்தில் மூன்று கால் ஷாட்கி ஒன்று பெரும்பாலும் இருக்கும், அளந்து பார்த்துவிட்டு அதையும் எடுக்கலாம். ஷாட்கியே கிடைக்காவிட்டால் UF5408. அது சாதாரண வகைச் சந்திப்புதான், ஆனால் தேங்கும் சுமையின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைத்திருப்பார்கள், மீட்பு நேரம் 75 நானோ வினாடி. ஐ.சி. பிழைக்கும், டையோடு சுடும். அதை வைத்து 1 ஆம்பியருக்கு மேல் இழுக்காமல் கரைக்கு வந்து, SS34 வாங்கி மாற்றிவிடுங்கள்.